திரையில் 74 சதவீதம் என்று வந்த பிறகு

கேள்வி: ஒரு சிறுகதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கோலாலம்பூரில் ஒரு கல்லூரி விரிவுரையாளர். அவருக்கு ரொம்பப் பிடித்த மாணவியின் கட்டுரையை ஏஐ டிடெக்டர் பிடித்துவிடுகிறது. அதிலிருந்து அவருக்குத் தன் கணிப்பின் மேலேயே சந்தேகம் வந்துவிடுகிறது. உண்மையில் இது எப்படி நடக்கும்? படிப்பவர்கள் நம்பும்படி எழுத என்னவெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்?

பதில்:

நான் கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கட்டுரை எழுதச் சொல்லித்தருகிறேன், 17 வருடமாக. நீங்கள் எழுத நினைக்கும் கதை 2023 கடைசியில் எனக்கே நடந்தது. அதனால் அதையே சொல்கிறேன். பிள்ளைகளை அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றியிருக்கிறேன், மற்றபடி நடந்தது நடந்தபடி. உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண் கிள்ளான் பக்கம். அப்பா காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர், பிறகு குடும்பம் மலிவு விலை அடுக்குமாடிக்கு மாறியது. ஆறு வருடம் தமிழ்ப்பள்ளி, அப்புறம் மலாய் மொழியில் இடைநிலைப்பள்ளி. ஆங்கிலம் அவளுக்கு மூன்றாவது மொழி, வீட்டில் யாரும் பேசுவதில்லை. முதல் வாரத்தில் ஒரு பத்தி எழுதச் சொன்னால் ஆறு வரி எழுதி அதில் எட்டுப் பிழை இருக்கும், ஆனால் அந்த ஆறு வரியில் ஏதோ ஒன்று நிஜமாக இருக்கும். எனக்கு அவளைப் பிடித்துப்போனதற்குக் காரணம் அதுதான். வகுப்பு முடிந்ததும் நின்று, "மிஸ், இந்த வார்த்தைக்குப் பதிலா வேற என்ன போடலாம்?" என்று கேட்பாள். சொன்னால் உடனே எழுதிக்கொள்ள மாட்டாள். யோசித்துவிட்டு, "இல்ல மிஸ், இது அவ்வளவு கோபமா இல்ல" என்பாள்.

கட்டுரை 1,200 சொல். தலைப்பு நகர வெள்ளம். அவள் எடுத்துக்கொண்டது 2021 டிசம்பர் வெள்ளத்தை. அவளுடைய சித்தப்பா வீடு ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில். அந்த டிசம்பரில் அங்கே தண்ணீர் எந்த உயரத்துக்கு ஏறியது என்பது உங்களுக்கும் நினைவிருக்கும்.

இனி அந்தத் திரை. இதைக் கதையில் சரியாகக் காட்டுங்கள், ஏனென்றால் நிறையப் பேர் இங்கேதான் தவறு செய்கிறார்கள். ஒப்படைக்கும் நேரம் வெள்ளிக்கிழமை இரவு 11:59. சனிக்கிழமை காலை கோப்பி கலக்கிக்கொண்டு கணினியைத் திறந்தேன். 41 பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு எண். முதலாவது, மற்ற கட்டுரைகளோடும் இணையத்தோடும் எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்பது. அது பழைய விஷயம், எங்களுக்குப் பழகிவிட்டது, அதைச் சோதிக்கவும் முடியும், எங்கிருந்து எடுத்தது என்று பக்கத்திலேயே காட்டும். இரண்டாவதுதான் ஏஐ எண். அது எந்த மூலத்தையும் காட்டாது. கட்டுரையின் சில வரிகளுக்கு நிறம் பூசி, ஒரு சதவீதத்தைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். அவள் பெயருக்கு எதிரே 74.

இந்த 74 என்பது "74 சதவீதம் ஏமாற்றியிருக்க வாய்ப்பு" என்று அர்த்தம் தருவது அல்ல. எங்கள் கல்லூரி வைத்திருந்த கருவியைப் பொறுத்தவரை, கட்டுரையில் 74 சதவீத வரிகள் இயந்திரம் எழுதியது போல இருப்பதாக அது நினைக்கிறது, அவ்வளவுதான். வேறு சில கருவிகள் நிஜமாகவே வாய்ப்பைச் சொல்கின்றன. திரையில் இரண்டும் ஒரே மாதிரி ஒரு எண்ணாகத்தான் தெரியும். துறைக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் எத்தனையோ பேருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. உங்கள் விரிவுரையாளருக்கும் முதல் இரண்டு பக்கத்துக்குத் தெரியாமல் இருக்கட்டும். எனக்கும் அன்று காலை தெரியாது.

நான் அந்தக் கட்டுரையை வெள்ளி இரவே, எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால், கைபேசியில் ஒருமுறை படித்திருந்தேன். நல்லா எழுதியிருக்கிறாள் என்று மகிழ்ச்சியோடு படுத்தேன். சனிக்கிழமை அதே கட்டுரையை நீல நிறத்தோடு படித்தபோது ஒவ்வொரு வரியும் எனக்கு இயந்திர வரியாகப்பட்டது. ஒரு எழுத்து மாறவில்லை. முதல் நாள் "தெளிவாக இருக்கிறது" என்று நினைத்த வாக்கியம் இப்போது "ரொம்பத் தெளிவாக இருக்கிறதே" என்று தோன்றியது. "இவ்வளவு சீக்கிரம் முன்னேறிவிட்டாளே" என்ற சந்தோஷம், அதே சொற்களில், குற்றச்சாட்டாக மாறியது. பிறகு பின்னோக்கிப் போக ஆரம்பித்தது மனம். போன மாதம் எழுதியது? அதற்கு முன் எழுதியது? நான் பாராட்டி மற்ற வகுப்பில் படித்துக் காட்டினேனே, அது? கதையில் சந்தேகத்தைச் சொல்ல வேண்டுமென்றால் இந்த இரண்டு வாசிப்பையும் அடுத்தடுத்து வையுங்கள். அதே மூன்று வரியை முதலில் நிறமில்லாமல், பிறகு நிறத்தோடு. "விரிவுரையாளருக்குச் சந்தேகம் வந்தது" என்று நீங்கள் எழுதவே வேண்டியதில்லை.

ஒரு மணி நேரம் போல அப்படிப் போனது. அப்புறம்தான் எந்த வரிகளுக்கு நிறம், எந்த வரிகளுக்கு இல்லை என்று பார்க்கத் தோன்றியது. முன்னுரை முழுக்க நீலம். முடிவுரை முழுக்க நீலம். நடுவில் ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியமும் நீலம். 'ஃபர்தர்மோர்', 'இன் அடிஷன்', 'ஆஸ் எ ரிசல்ட்', 'இட் கேன் பி கன்க்ளூடட் தட்' என்று தொடங்கும் எல்லாமே நீலம். நிறமில்லாமல் இருந்தது மூன்றாவது பத்தி. சித்தப்பா வீட்டில் தண்ணீர் ஏறியபோது குளிர்சாதனப் பெட்டி மிதந்து வந்து கதவை அடைத்துக்கொண்டது, அதனால் கதவைத் திறக்க முடியாமல் ஜன்னல் கம்பியை அறுத்தார்கள் என்று எழுதியிருந்தாள். அந்தப் பத்தியில் மூன்று இடத்தில் வினைச்சொல்லின் காலம் தப்பு.

அந்த நீல வாக்கியங்கள் எனக்கு எங்கேயோ பார்த்தது போல இருந்தன. நாலாவது வாரம் நான் கொடுத்த இரண்டு பக்க அச்சுத்தாளை எடுத்துப் பார்த்தேன். கட்டுரையை எப்படித் தொடங்குவது, பத்தியை எப்படி இணைப்பது, எப்படி முடிப்பது என்று நானே தயாரித்த வாக்கியச் சட்டங்கள். 'இந்தக் கட்டுரை மூன்று காரணங்களை ஆராயும்' மாதிரியானவை. அவள் அவற்றை அப்படியே, மனப்பாடம் செய்த தேவாரம் மாதிரி, ஒன்று விடாமல் பயன்படுத்தியிருந்தாள். டிடெக்டர் நிறம் பூசியிருந்தது நான் சொல்லிக்கொடுத்த வரிகளுக்கு.

இது ஏன் நடக்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். "அவர் காலையில் எழுந்து பல்" என்று ஒரு வாக்கியத்தை நிறுத்தினால் நீங்கள் "துலக்கினார்" என்று முடிப்பீர்கள். "பல்லைத் தேடினார்" என்று எழுதியிருந்தால் ஒரு கணம் நின்று பார்ப்பீர்கள். சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகள் அடுத்து வர அதிக வாய்ப்புள்ள சொல்லை நோக்கியே எழுதுபவை, அதனால் அவற்றின் எழுத்தில் "துலக்கினார்" அதிகம், "தேடினார்" குறைவு. ஆரம்பகாலக் கருவிகள் அளந்தது நேரடியாக இதைத்தான்: அடுத்த சொல்லை எவ்வளவு சுலபமாக ஊகிக்க முடிகிறது, வாக்கியத்துக்கு வாக்கியம் அந்த ஊகம் எவ்வளவு ஏறி இறங்குகிறது. பிறகு வந்தவை மனிதர் எழுதியதையும் இயந்திரம் எழுதியதையும் ஆயிரக்கணக்கில் காட்டிப் பழக்கப்பட்டவை. அவற்றிலும் அதே சாய்வு இருக்கத்தான் செய்கிறது. இப்போது மூன்றாவது மொழியில் எழுதும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவளிடம் இருக்கும் சொற்கள் குறைவு. தவறு செய்யப் பயம். டீச்சர் கொடுத்த சட்டத்தை விட்டு வெளியே கால் வைக்க மாட்டாள். அவளுடைய அடுத்த சொல்லை யார் வேண்டுமானாலும் ஊகிக்கலாம்.

இது என் சொந்த ஊகம் இல்லை. 2023-ல் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு டிடெக்டர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் மனிதர் எழுதியவை. சராசரியாக 61 சதவீதத்தை இயந்திரம் எழுதியது என்று அவை சொல்லிவிட்டன. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளில் அவை அநேகமாகத் தவறே செய்யவில்லை. அதே டோஃபல் கட்டுரைகளைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்துச் சொற்களை வளமாக்கச் சொன்னபோது, தவறான குற்றச்சாட்டு பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது. அதாவது ஏமாற்றியிருந்தால் அந்தப் பிள்ளைகளில் பலர் தப்பித்திருப்பார்கள். இதைப் படித்த அன்று நான் கணினியை மூடிவிட்டு வராந்தாவில் போய் நின்றேன்.

அந்த ஆய்வு அந்த நேரத்துக் கருவிகளைப் பற்றியது. எல்லாக் கருவியும் இன்றும் அதே அளவு தவறு செய்யும் என்று நான் சொல்லவில்லை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு டிடெக்டரை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று அதே வருடம் ஜூலையில் எடுத்துவிட்டது. உங்கள் கதை எந்த வருடத்தில் நடக்கிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 2023 என்றால் யாருக்கும் எந்த விதியும் தெளிவாகத் தெரியாத காலம். அந்த வருடம் மலேசியத் தகுதி முகமை, எங்கள் வாயில் எம்.கியூ.ஏ., ஜெனரேட்டிவ் ஏஐ பற்றி உயர்கல்விக் கூடங்களுக்கு ஓர் ஆலோசனைக் குறிப்பு அனுப்பியது. அதை ஒரு கல்லூரி படித்து, கூட்டம் போட்டு, தன் விதியாக எழுதி, அது விரிவுரையாளர் மேசைக்கு வருவதற்குள் பிள்ளைகள் இரண்டு செமஸ்டர் முடித்துவிடுவார்கள்.

"ஆனால் தவறு ஒரு சதவீதம்தான் என்று கருவி செய்த நிறுவனம் சொல்கிறதே?" என்று என் துறைத் தலைவர் கேட்டார். நியாயமான கேள்வி, உங்கள் கதையிலும் யாராவது கேட்க வேண்டிய கேள்வி. அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்ட்டில் ஏஐ டிடெக்டரை நிறுத்தியபோது சொன்ன காரணங்களில் ஒன்று இதுதான்: 2022-ல் அவர்கள் சோதனைக்கு அனுப்பியது 75,000 கட்டுரைகள், ஒரு சதவீதம் என்றாலும் சுமார் 750 பேர். நான் எங்கள் பாடத்துக்கே ஒரு கணக்குப் போட்டேன். எண்கள் என் அனுமானம்தான், முறையை மட்டும் பாருங்கள். அந்த செமஸ்டரில் எல்லாப் பிரிவும் சேர்த்து 180 பேர். அதில் 20 பேர் நிஜமாகவே ஏஐ வைத்து எழுதினார்கள் என்று வைத்துக்கொள்வோம். கருவி அவர்களில் 16 பேரைப் பிடிக்கிறது. மிச்சம் 160 பேர் தாங்களே எழுதியவர்கள். அவர்களில் ஒரு சதவீதம் தவறு என்றால் ஒன்றிரண்டு பேர். ஆனால் எங்கள் பிள்ளைகளைப் போல இரண்டாவது மூன்றாவது மொழியில் எழுதுபவர்களிடம் தவறு 5 சதவீதமாக ஏறினால் 8 பேர். அப்போது பிடிபட்டவர்கள் மொத்தம் 24, அதில் 8 பேர் ஒன்றும் செய்யாதவர்கள். மூன்றில் ஒருவர். இதைத் துறைத் தலைவருக்கு ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டினேன், அவர் ஒன்றும் சொல்லாமல் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

சரி, இந்தக் கணக்கு அவளை விடுவித்துவிடுமா? விடுவிக்காது. மூன்றில் இரண்டு பேர் நிஜமாகவே செய்தவர்கள்தான். உங்கள் விரிவுரையாளர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. எண் குற்றத்தை நிரூபிக்கவில்லை. "எனக்கு அவளைத் தெரியும்" என்பதும் ஒன்றையும் நிரூபிக்கவில்லை. பிடித்த பிள்ளைகளும் ஏமாற்றுவார்கள், காலேஜில் இரண்டு வருடம் வேலை செய்த யாரும் இதை மறுக்க மாட்டார்கள். அதனால் நான் எண்ணையும் என் பிரியத்தையும் ஓரமாக வைத்துவிட்டு, மூன்றாவதாக என்ன இருக்கிறது என்று தேடினேன்.

அவள் கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தாள். அதில் பழைய பதிப்புகளைப் பார்க்கலாம், யார் எப்போது எதைச் சேர்த்தார்கள், எதை அழித்தார்கள் என்று தேதியோடு இருக்கும். அவளைக் கூப்பிட்டு, என் முன்னாலேயே திறக்கச் சொன்னேன். ஒன்பது நாளில் பதினொரு தடவை உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். முதல் நாள் வெறும் தலைப்பும் என் வாக்கியச் சட்டங்களும். இரண்டாம் நாள் 200 சொல், மூன்றாம் நாள் அதில் பாதி அழிந்திருந்தது. இதைப் பார்த்துக்கொண்டே போகும்போது என் மூச்சு இலகுவானது. ஆறாம் நாள் இரவில் 150 சொல் கொண்ட ஒரு பத்தி ஒரே நொடியில் வந்து விழுந்திருந்தது. ஒட்டியிருக்கிறாள்.

கதையில் இந்த இடத்தை விட்டுவிடாதீர்கள். பதிப்பு வரலாறு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நினைக்கிறார்கள், அப்படி நடப்பதில்லை. பாதிப் பிள்ளைகள் வோர்டில் எழுதி பென் டிரைவில் வைத்திருப்பார்கள், அங்கே ஒரு வரலாறும் கிடைக்காது. புதுக் கோப்பில் ஒட்டினால் வரலாறு ஒட்டிய நிமிடத்தில்தான் தொடங்கும். இன்னொன்று, ஏஐ எழுதியதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையால் தட்டச்சு செய்தாலும் வரலாறு பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதில் தேட வேண்டியது எழுத்தாளருக்கே உரிய தடுமாற்றம்: பத்தியை இடம் மாற்றுவது, ஒரு வாக்கியத்தை நாலு முறை திருத்தி ஐந்தாவது முறை தூக்கிவிடுவது. பார்த்து எழுதுபவர் மேலிருந்து கீழே நேராக வருவார்.

அந்த 150 சொல்லைப் பற்றிக் கேட்டேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. எனக்கும்தான். "கொம்யூட்டர்ல எழுதினது மிஸ்" என்றாள். நான் கம்ப்யூட்டரில் எழுதியது என்று புரிந்துகொண்டு, "அது தெரியும், எதிலிருந்து எடுத்தாய்?" என்று குரலை உயர்த்திவிட்டேன். அவள் சொன்னது கொம்யூட்டர் ரயிலை. கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரல் வரும் கேடிஎம் ரயிலில் நின்றுகொண்டே கைபேசியின் குறிப்பில் தட்டியிருக்கிறாள். கைபேசியை எடுத்துக் காட்டினாள். தேதியோடு இருந்தது, காலை 7 மணிக்கு மேல், நிறுத்தற்குறி ஒன்றும் இல்லாமல், நடுவில் இரண்டு வரி தமிழை ஆங்கில எழுத்தில். அந்த இரண்டு வரியை மொழிபெயர்க்கும் செயலியில் போட்டு ஆங்கிலமாக்கிக்கொண்டேன் என்று அவளே சொன்னாள், நான் கேட்காமலேயே. எங்கள் பாட விதியில் மொழிபெயர்ப்புச் செயலி பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இலக்கணம் திருத்தும் செயலி பற்றியும் கிடையாது. ஆகவே அவள் சுத்தமா, இல்லையா? சுத்தம் என்றுதான் நான் முடிவு செய்தேன். வேறொரு விரிவுரையாளர் வேறு மாதிரி முடிவு செய்யலாம், அதையும் என்னால் தவறென்று சொல்ல முடியாது. உங்கள் கதையில் இந்த இரண்டு வரி இருந்தால் நல்லது. முழுக்க வெள்ளையான ஒரு மாணவி இருந்தால் கதை ரொம்பச் சுலபமாக முடிந்துவிடும்.

வாய்மொழித் தேர்வு வைக்கப் போகிறீர்கள் என்றால் ஒன்று. பெரும்பாலான விரிவுரையாளர்கள், "இந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொல்" என்று கேட்பார்கள். அது பயனற்ற கேள்வி. பயந்துபோன பிள்ளை தானே எழுதிய சொல்லுக்குக் கூட அர்த்தம் மறந்து நிற்கும், ஏமாற்றிய கெட்டிக்காரன் முதல் நாள் இரவே எல்லா அர்த்தத்தையும் பார்த்துவிட்டு வந்திருப்பான். நான் கேட்டது முடிவுகளைப் பற்றி. எதை வெட்டினாய், ஏன் இந்த வரிசை. "சித்தப்பா வீட்டுக் கதையை ஏன் மூன்றாவது பத்திக்குக் கொண்டுபோனாய்? அதுதானே நன்றாக இருக்கிறது?" என்றேன். தமிழிலோ மலாயிலோ பதில் சொல்லலாம் என்று முன்னமே சொல்லியிருந்தேன், இன்னொரு விரிவுரையாளரும் கூட உட்கார்ந்திருந்தார். அவள் என்னைப் பார்த்தாள். "முதல்ல அதைத்தான் ஆரம்பத்துல வச்சேன் மிஸ். நீங்கதானே சொந்தக் கதையெல்லாம் முன்னுரையில வரக்கூடாதுன்னு சொன்னீங்க." பதிப்பு வரலாற்றில் அது இருந்தது. நாலாம் நாள், என் வகுப்பு முடிந்த மாலை, அந்தப் பத்தி மேலிருந்து கீழே நகர்ந்திருந்தது.

அவள் விஷயம் அங்கே முடிந்தது. பதினைந்து நிமிடம். என் விஷயம் அங்கே முடியவில்லை, உங்கள் கதையும் அங்கே முடியக்கூடாது என்று நினைக்கிறேன்.

அன்று இரவு எனக்கு வந்த கேள்வி வேறு. இவளுக்காக நான் ஒரு வாரம் ஓடியிருக்கிறேன். ஆய்வுக் கட்டுரை தேடிப் படித்தேன், கணக்குப் போட்டேன், பதிப்பு வரலாறு பார்த்தேன், சக விரிவுரையாளரைக் கூப்பிட்டேன். போன செமஸ்டரில் ஒரு பையனுக்கு 68 வந்தபோது நான் என்ன செய்தேன்?

அவன் கடைசி வரிசை. பாதி நாள் தாமதம். ஷா ஆலமில் ஒரு பார்சல் கிடங்கில் இரவு வேலை பார்த்தான், அது எனக்குத் தெரியும், ஆனால் தெரிந்ததோடு சரி. அவனை என் அறைக்கு வரச் சொல்லி, உட்காரக்கூடச் சொல்லாமல், அறிக்கையை அவன் பக்கம் திருப்பி, ஆங்கிலத்தில், "இதை நீ எழுதினாயா?" என்று கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். அப்புறம் "சாரி மிஸ்" என்றான். நான் அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன். கட்டுரைக்குப் பூஜ்யம். பாடம் போனது, மறுபடி கட்டணம் கட்டி மறுபடி படிக்க வேண்டும். மொத்தம் நாலு நிமிடம் ஆகியிருக்கும். தாமதமாக வரும் ஒவ்வொரு நாளும் கதவைத் திறந்துகொண்டு அவன் சொல்லும் முதல் வார்த்தையும் "சாரி மிஸ்"தான். அதை நான் ஒரு செமஸ்டர் முழுக்கக் கேட்டிருக்கிறேன்.

அவன் கட்டுரையைத் திரும்ப எடுத்தேன். மூன்றாம் வாரம் வகுப்பில் கையால் எழுதிய பத்தி என் கோப்பில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தேன். இப்படி ஒப்பிடும்போது சரளத்தைப் பார்க்கக் கூடாது. அரை மணி நேரத்தில் கையால் எழுதியது ஒரு வாரம் வைத்து எழுதியதைவிட மோசமாகத்தான் இருக்கும், அது யாருக்கும் அப்படித்தான். பார்க்க வேண்டியது பழக்கங்களை. அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு, காரணத்தை முதலில் சொல்லிவிட்டு விஷயத்தைப் பிறகு சொல்வான். தமிழில் நாம் அப்படித்தான் பேசுவோம், "மழை பெய்ததால் வரவில்லை" என்று. கையெழுத்துப் பத்தியில் ஆறு வாக்கியத்தில் நாலு அப்படி. 68 சதவீதக் கட்டுரையிலும், நிறம் பூசிய வரிகளுக்குள்ளேயே, அதே தலைகீழ் அமைப்பு பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. இது நிரூபணம் இல்லை. ஆனால் நாலு நிமிடத்தில் முடித்திருக்கக்கூடிய விஷயம் இல்லை என்பதற்கு இது போதும்.

அவன் வேறு துறைக்கு மாறியிருந்தான். அலுவலகம் வழியாகத் தேடி, வரச் சொன்னேன். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னபோது, ஏதோ புதிதாக மாட்டிக்கொண்டோம் என்று நினைத்திருப்பான் போல, நுனியில் உட்கார்ந்தான். கட்டுரையை எங்கே எழுதினாய் என்று தமிழில் கேட்டேன். கிடங்கில், இடைவேளையில், கைபேசியில், வாட்ஸாப்பில் தனக்குத் தானே அனுப்பிக்கொண்டு. "எங்கிட்ட லேப்டாப் இல்ல மிஸ். லைப்ரரி கம்ப்யூட்டர்ல கடைசியா ஒட்டி அனுப்பினேன்." மேலே தள்ளித் தள்ளித் தேடினான். கிடைத்தது. ஒவ்வொன்றும் நாலைந்து வரி, பக்கத்தில் நேரம்: 2:40, 2:52, அடுத்த நாள் 3:15. அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க முடிவு பண்ணிட்டீங்கன்னு நெனச்சேன்" என்றான்.

தேர்வுப் பிரிவுக்கு நான் கடிதம் எழுதினேன், என் தவறு என்று பெயர் போட்டு. கட்டணத்தைத் திருப்பித் தர நாலு மாதம் இழுத்தார்கள், கடைசியில் தந்தார்கள். அந்தக் கட்டுரையை அன்றே உட்கார்ந்து திருத்தினேன், 61 மதிப்பெண்.

நீங்கள் கேட்டது அந்தப் பெண்ணின் கதையை. ஆனால் அவள் ஏன் "பிடித்த மாணவி"யாக இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அவளாக இல்லாமல் இருந்திருந்தால் நான் சந்தேகப்பட்டிருக்கவே மாட்டேன், எண்ணை நம்பிவிட்டு அடுத்த கட்டுரைக்குப் போயிருப்பேன், போன செமஸ்டரில் போனது போல. அதனால் அந்தப் பையனை உங்கள் கதையின் கடைசியில் திடீரென்று கொண்டுவராதீர்கள். முதல் பக்கத்திலேயே, அந்த சனிக்கிழமை காலை, உங்கள் விரிவுரையாளர் கோப்பி குடித்துக்கொண்டு பட்டியலைத் திறக்கும்போது, பழைய செமஸ்டர் கோப்புறையில் அவன் பெயரும் பக்கத்தில் ஒரு பூஜ்யமும் கண்ணில் படட்டும், அவர் அதைக் கடந்து கீழே போகட்டும்.